கீறல் விழாத கண்ணாடியா, கீறலைத் துடைத்துவிடக் கூடிய கண்ணாடியா?

போன மாதம் மாப்பிள்ளை கும்மிடிப்பூண்டியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்திருந்தார். இடது கை மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. கல்யாண நாளுக்கு என் மகள் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரத்தைக் கழற்றாதவர் அவர். "எங்கே மாப்பிள்ளை வாட்ச்?" என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கண்ணாடியின் ஓரத்தில், இரண்டு மணிக்கு நேராக, நெல்மணி அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு விரிசல் நடுப்பகுதி வரை ஓடியிருந்தது.

"சஃபையர் கண்ணாடி மாமா, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லித்தான் வித்தாங்க. அஞ்சு வருஷமா ஒரு கோடு கூட விழல. போன வாரம் ஷெட் இரும்புக் கதவைத் தள்ளும்போது சட்டத்துல லேசா இடிச்சுது, அவ்வளவுதான்" என்றார்.

கண்ணாடி மாற்ற எவ்வளவு என்று கேட்டேன். கம்பெனி சர்வீஸ் மையத்தில் வேலைக்கூலியும் சேர்த்து 4,600 ரூபாய், ஐந்து வாரம் ஆகும் என்றார்களாம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் கையில் கட்டியிருந்த பழைய எச்.எம்.டி. ஜனதாவுக்கு 2020ல் கண்ணாடி மாற்றியபோது தேரடிப் பக்கம் வாட்ச் கடை வைத்திருக்கும் பாய் என்னிடம் வாங்கியது 120 ரூபாய். அதுவும் உட்கார்ந்த இடத்தில், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள்.

அன்றிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாற்பது வருஷம் கோப்பு பார்த்தவனுக்கு எதையும் குறிப்பெழுதித்தான் முடிவுக்கு வரத் தெரியும். எனவே இது என் குறிப்பு.

கடிகாரத்தின் முகத்தில் இருக்கும் கண்ணாடி மூன்று வகை. முதலாவது அக்ரிலிக். பெயருக்குத்தான் கண்ணாடி, உண்மையில் ஒரு பிளாஸ்டிக். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது இதை 'ப்ளெக்ஸி' என்பார்கள். நம் வயதுக்காரர்கள் கட்டிய ஜனதா, பைலட், கோஹினூர் எல்லாவற்றுக்கும் இதுதான். இரண்டாவது மினரல் கண்ணாடி. இது மணலை உருக்கிச் செய்யும் நிஜக் கண்ணாடி. ஜன்னல் கண்ணாடிக்கு உறவுமுறை. ஓசூரில் டைட்டன் வந்த பிறகு குவார்ட்ஸ் கடிகாரங்களோடு நம் ஊரில் பரவலானது இது. மூன்றாவது சஃபையர். நீலக்கல் என்றவுடன் மோதிரத்தில் பதிக்கும் கல் நினைவுக்கு வரும். அதே பொருள்தான், ஆனால் நிறமில்லாமல் உலையில் வளர்த்தது.

எது கீறும், எது கீறாது என்பதற்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு. 1812ல் ஃப்ரீட்ரிஷ் மோஸ் என்ற ஜெர்மானியர் வகுத்தது. பத்துக் கல்லை மென்மையிலிருந்து கடினம் வரை வரிசைப்படுத்தினார். மேலே இருப்பது கீழே இருப்பதைக் கீறும்; கீழே இருப்பது மேலே இருப்பதைக் கீறாது. எங்கள் பள்ளியில் இதைப் பாட்டுப் போல ஒப்பிக்க வேண்டும்: தால்க், ழீப்ஸ், கல்சித், ஃப்ளுவோரின், அபாத்தீத், ஒர்த்தோஸ், குவார்ட்ஸ், தோபாஸ், கொரேந்தோன், தியமான். ஒன்று விட்டால் முட்டியில் அடிமட்டம் விழும். அறுபது வருஷம் கழித்தும் தூக்கத்தில் சொல்வேன். இப்போதுதான் அது ஒரு காரியத்துக்கு உதவுகிறது.

இந்த அளவில் அக்ரிலிக் சுமார் மூன்று. மினரல் கண்ணாடி ஐந்தரை, ஆறுக்குள். சஃபையர் ஒன்பது, ஒப்பிப்பில் ஒன்பதாவதாக வரும் கொரேந்தோனேதான் அது. அதற்கு மேல் வைரம் மட்டும்.

இனி எதிர்த்தரப்பைப் பார்க்க வேண்டும். கடிகாரத்தைக் கீறுவது எது? சாவிக்கொத்து, பீரோக் கைப்பிடி, பஸ் கம்பி என்று நாம் நினைக்கிறோம். சாதாரண இரும்பு நான்கு, ஐந்து அளவில்தான் நிற்கும். அது அக்ரிலிக்கைக் கீறும். மினரல் கண்ணாடியை எளிதில் கீறாது. மினரல் கண்ணாடியின் நிஜ விரோதி மணல். நம் ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதன் அளவு ஏழு. மணல் பூச்சுச் சுவரில் கை உரசினால், கோயில் கருங்கல் தூணில் சாய்ந்தால், தெருப்புழுதி படிந்த கண்ணாடியை வேட்டி நுனியால் அழுத்தித் துடைத்தால், அந்த ஏழு இந்த ஆறைக் கீறிவிடும். நம்மில் பலர் கடிகாரத்தைக் கெடுத்தது துடைக்கும்போதுதான். முதலில் ஊதித் தூசியைப் போக்கி, ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பிறகு துடைத்தால் மினரல் கண்ணாடி பாதிக்கும் மேல் பிழைத்துக்கொள்ளும்.

சஃபையருக்கு மணல் ஒரு பொருட்டே இல்லை. ஒன்பதை ஏழு என்ன செய்யும்? மாப்பிள்ளையின் கடிகாரம் ஐந்து வருஷம் கோடில்லாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். அவர் வேலை செய்யும் சிப்காட் வளாகத்தில் இரும்பை உருட்டிக் கம்பியாக்கும் ஆலைகளும், உலைகளும், பற்றவைப்புப் பட்டறைகளும் நிறைந்திருக்கின்றன. சூடான இரும்பை உருட்டும்போது அதன் மேலிருந்து கருப்புச் செதில் உரிந்து உதிரும். இரும்பும் காற்றும் சேர்ந்து உண்டான அந்தச் செதில் ஆறு அளவுக்குக் கடினமானது. வார்ப்படப் பட்டறை என்றால் அச்சு செய்யும் மணல் வேறு. இவ்வளவு தூசிக்கும் நடுவே மினரல் கண்ணாடி இரண்டு வருஷத்தில் பனி மூடியது போல் மங்கிவிடும். அங்கே சஃபையர் தன் பெயரைக் காப்பாற்றியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே வளாகத்தில் சஃபையரைக் கீறக்கூடிய ஒன்றும் இருக்கிறது. இதை எந்த விளம்பரத்திலும் சொல்லமாட்டார்கள். பற்றவைத்த இடத்தை மழமழப்பாக்கக் கையில் பிடித்து ஓட்டும் கிரைண்டரின் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒட்டியிருக்கும் துகள் அலுமினியம் ஆக்சைடு. சஃபையரும் அலுமினியம் ஆக்சைடுதான். ஒரே பொருள், ஒரே கடினம். ஒன்று சக்கரத்தில், ஒன்று கடிகாரத்தில். சில சக்கரங்களில் சிலிக்கான் கார்பைடு இருக்கும். அது இன்னும் ஒரு படி மேல். உப்புத்தாள் என்று கடையில் வாங்குகிறோமே, அதிலும் இவை இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் இருக்கும். அந்தத் தூள் படிந்த சட்டைக் கையால் சஃபையரைத் தேய்த்தால் கோடு விழத்தான் செய்யும். தவிர, கிரைண்டரிலிருந்து பறக்கும் பொறி என்பது உருகிய இரும்புத் துளி. அது மினரல் கண்ணாடியில் பட்டால் அங்கேயே பதிந்து சிறு குழியாகிவிடும். அக்ரிலிக்கில் பட்டால் பொசுக்கி உள்ளே இறங்கும். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பட்டறைப் பக்கம் நின்றவர்களுக்கு இந்தக் குழிகள் பழக்கமானவை. சுழலும் இயந்திரத்தை இயக்குபவர் கையில் கடிகாரமே இருக்கக் கூடாது என்பது வேறு விஷயம்; அது கண்ணாடியை அல்ல, கையைக் காப்பாற்றுவதற்கு.

இந்த இடத்தில் ஒரு சிறு உபகாரக் குறிப்பு. சஃபையர் கண்ணாடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழுந்திருந்தால் உடனே கலங்க வேண்டாம். பல சமயம் அது கீறல் அல்ல. கடினமான கண்ணாடி, மோதிய இரும்பிலிருந்து கொஞ்சத்தைச் சுரண்டித் தன் மேல் பூசிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூட ரப்பரால் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். போய்விட்டால் அது இரும்பின் காயம், கண்ணாடியின் காயம் அல்ல.

சரி, கடினத்தில் ஒன்பதாமிடத்தில் நிற்கும் கண்ணாடி கதவுச் சட்டத்தில் லேசாக இடித்ததற்கு ஏன் உடைந்தது? கடினம் வேறு, உறுதி வேறு. வெல்லமும் கற்கண்டும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்கண்டை நகத்தால் கீற முடியாது, ஆனால் ஒரு தட்டுத் தட்டினால் தெறித்துவிடும். வெல்லத்தில் நகம் இறங்கும், தெறிக்காது. சஃபையர் வளையாது. அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளத் தெரியாது. அதிலும் அதன் ஓரம்தான் பலவீனமான இடம். தட்டையான நடுப்பகுதியில் அடி விழுந்தால் தாங்கிக்கொள்வது, ஓரத்தில் கூர்மையான இரும்பு பட்டால் சில்லுப் பெயர்ந்துவிடுகிறது. கண்ணாடி விளிம்பைத் தாண்டி மேலே தூக்கி நிற்கும்படி செய்த கடிகாரங்களில் இந்த ஆபத்து அதிகம். மாப்பிள்ளையுடையது அப்படிப்பட்டதுதான்.

அக்ரிலிக் இதற்கு நேர்மாறு. எதைப் பார்த்தாலும் கோடு போட்டுக்கொள்ளும், ஆனால் தூள்தூளாக உடையாது. 1969ல் சந்திரனுக்குப் போனவர்கள் கட்டியிருந்த ஒமேகா கடிகாரத்துக்கு அக்ரிலிக் கண்ணாடிதான். எடையில்லாத இடத்தில் கண்ணாடித் துண்டுகள் மிதந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்காக அக்ரிலிக்குக்கு ஒன்றுமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. 1971ல் அப்பல்லோ 15ல் போன டேவிட் ஸ்காட்டின் ஒமேகாவிலிருந்து சந்திரன் மேலேயே கண்ணாடி கழன்று போனது. அடுத்த முறை வெளியே நடந்தபோது அவர் தன்னிடமிருந்த வேறு கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். உடையாததும் கழன்று போகலாம்.

இப்போது ரிப்பேர் கணக்குக்கு வருகிறேன். கீறல் விழுமா என்று மட்டும் கேட்டால் சஃபையர் ஜெயித்துவிடும். விழுந்த பிறகு என்ன செய்வது என்று கேட்டால் வரிசை அப்படியே தலைகீழாகிவிடுகிறது.

அக்ரிலிக்கில் விழுந்த கோட்டை வீட்டிலேயே எடுத்துவிடலாம். நான் 1974ல் வாங்கிய ஜனதாவை எத்தனை முறை தேய்த்திருப்பேன் என்று கணக்கில்லை. சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கிய கடிகாரம் அது. அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல் போல மாதம் ஒருமுறை அதற்குப் பற்பசைத் தேய்ப்பு. இப்போது முறையாகச் செய்கிறேன். முதலில் கண்ணாடியைச் சுற்றியுள்ள உலோக விளிம்பின் மேல் செல்லோடேப் ஒட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் விளிம்பின் பூச்சும் சேர்ந்து போய்விடும். மெல்லிய கோடுகளுக்கு, பித்தளை விளக்கு துலக்கும் பிராஸோவைப் பழைய பனியன் துணியில் ஒரு சொட்டு விட்டு, வட்டமாக, அழுத்தாமல், ஐந்து பத்து நிமிடம் தேய்த்தால் போதும். நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் கோடு ஆழமாக இருந்தால் முதலில் ஆயிரம் நம்பர் தண்ணீர் உப்புத்தாள், பிறகு இரண்டாயிரம் நம்பர். தாளையும் கண்ணாடியையும் லேசாக நனைத்துக்கொண்டு, சாவிப் பக்கம் தண்ணீர் போகாமல் தேய்க்க வேண்டும். இந்தக் கட்டத்தில் கண்ணாடி முழுக்கப் பால் போல வெளுத்துவிடும். பார்த்தவர்கள் பயந்துவிடுவார்கள்; என் மனைவி ஒருமுறை கூச்சலே போட்டார். பயப்பட வேண்டாம். பிராஸோ போட்டுத் தேய்க்கத் தேய்க்கத் தெளிந்து வரும்.

இதற்கும் எல்லை உண்டு. தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கண்ணாடி கொஞ்சம் மெலியும். விரிசல் விட்டால் தேய்த்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். அக்ரிலிக்குக்கு ஒவ்வாதது மண்ணெண்ணெய்க் கடை சமாச்சாரங்கள்: தின்னர், நகப்பூச்சு அழிக்கும் திரவம், ஸ்பிரிட். 2020ல் கொரோனாவுக்குப் பயந்து நான் நாளுக்குப் பத்து முறை கையில் சானிடைசர் ஊற்றிக்கொண்டேன். சில மாதத்தில் ஜனதா கண்ணாடியின் ஓரம் முழுக்கச் சிலந்தி வலை போல நுண்ணிய வெடிப்புகள். விளிம்புக்குள் இறுக்கி வைத்திருப்பதால் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக், ஆல்கஹால் பட்டதும் இப்படி வெடிக்கும் என்று பாய் சொன்னார். மேலே சொன்ன 120 ரூபாய் அதற்குக் கொடுத்ததுதான்.

அவர் அதை மாற்றியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தகர டப்பாவில் நம்பர் வாரியாகக் கண்ணாடிகள் வைத்திருக்கிறார். விளிம்பின் உள்வட்டத்தை அளவுக்கருவியால் அளந்து, அதைவிட ஒரு மயிரிழை பெரிய கண்ணாடியை எடுத்தார். நண்டுக்கால் போலப் பல கால்கள் உள்ள ஒரு கருவியால் அதை ஓரத்தில் கவ்வித் திருகினார். கண்ணாடி குடை மடங்குவது போலச் சற்றுக் குறுகியது. விளிம்புக்குள் இறக்கிவிட்டுத் திருகைத் தளர்த்தினார். விரிந்து இறுகிக்கொண்டது. பசை கிடையாது, வாஷர் கிடையாது.

மினரல் கண்ணாடியில் விழுந்த கோட்டைத் தேய்த்து எடுப்பது அநேகமாக வீண் வேலை. பிராஸோவோ பற்பசையோ அதை ஒன்றும் செய்யாது. கண்ணாடிக்காரர்கள் பயன்படுத்தும் சீரியம் ஆக்சைடு என்ற தூளைப் போட்டு மணிக்கணக்காகத் தேய்த்தால் மெல்லிய கோடுகள் மங்கும். ஆனால் ஆழமான கோட்டை எடுப்பதற்குள் அந்த இடம் குழிந்து முள் கோணலாகத் தெரியும். "சார், தேய்க்கிற நேரத்துக்குக் கூலி கேட்டா புதுக் கண்ணாடி விலையைத் தாண்டிடும்" என்றார் பாய். அது உண்மை. என் பணி ஓய்வுக்கு அலுவலகத்தில் கொடுத்த கடிகாரம் மினரல் கண்ணாடி போட்டது. பதினைந்து வருஷத்தில் இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். முதல் முறை 150 ரூபாய், இரண்டாம் முறை 250 ரூபாய். தட்டையான வட்டக் கண்ணாடி என்றால் விட்டமும் கனமும் தெரிந்தால் போதும், எந்தக் கடையிலும் கிடைக்கும். சதுரமாகவோ வளைவாகவோ இருந்தால்தான் தேட வேண்டியிருக்கும்.

மினரல் கண்ணாடி உடைந்தால் ஒரு காரியம் உடனே செய்ய வேண்டும். குவார்ட்ஸ் கடிகாரமானால் சாவியை வெளியே இழுத்து ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். கண்ணாடித் துணுக்கு முள்ளுக்கு அடியில் சிக்கிக்கொண்டால் முகப்பைச் சுரண்டிவிடும். உள்ளே இறங்கினால் 250 ரூபாய் வேலை பெரிய வேலையாகிவிடும். சஃபையர் உடைந்தாலும் இதையே செய்ய வேண்டும். அதன் துணுக்கு இன்னும் பொல்லாதது.

சஃபையரில் கோடு விழுந்தால் வைரப் பொடியால்தான் தேய்க்க முடியும். அது நம் ஊர்க் கடையில் நடக்கிற காரியம் அல்ல. மாற்றுவதானாலும் தட்டையான சாதாரண அளவாக இருந்தால்தான் வெளியில் கிடைக்கும். மாப்பிள்ளையுடையதுபோல ஓரம் சாய்வாகச் செதுக்கியது என்றால் கம்பெனியிலிருந்துதான் வர வேண்டும். அவர்கள் சொல்வதே விலை.

சஃபையர் ஏன் இவ்வளவு விலை? இதில் எனக்கு ஒரு தனிப் பெருமை உண்டு, ஏனென்றால் இதைக் கண்டுபிடித்தவர் பிரெஞ்சுக்காரர். ஒகுஸ்த் வெர்னேய் என்ற வேதியியலாளர், 1902ல் தன் முறையை வெளியிட்டார். அலுமினாத் தூளை மிகச் சூடான தீப்பிழம்பின் வழியே மெல்லமெல்ல உதிர விடுவது. இரண்டாயிரம் டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் அது உருகி, கீழே உள்ள தண்டின் மேல் சொட்டி, மெழுகுவர்த்தி போல ஒரு கல்லாக வளரும். கொஞ்சம் குரோமியம் சேர்த்தால் சிவப்பாகி மாணிக்கமாகும். நம் ஜனதாவின் முகப்பில் பதினேழு ஜுவல் என்று போட்டிருக்குமே, அந்தப் பதினேழும் இப்படிச் செய்த மாணிக்கம்தான். கல்லை வளர்ப்பது பெரிய செலவு இல்லை. அதை வைர ரம்பத்தால் அறுத்து, வைரப் பொடியால் மெருகேற்றுவதில்தான் பணம் போகிறது. கீறாத பொருள் என்றால் செய்பவரும் எளிதில் கீற முடியாது அல்லவா? நாம் கொடுக்கும் விலை பெரும்பாலும் அந்தப் பிடிவாதத்துக்குத்தான்.

அதனால்தான் 900 ரூபாய்க் கடிகாரத்தின் பின்புறம் சஃபையர் என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். உறவினர் ஒருவர் அப்படி ஒன்றை வாங்கி வந்து காட்டினார். இரண்டு சோதனை செய்தோம். சஃபையர் வெப்பத்தை வேகமாகக் கடத்தும். ஆகவே உதட்டில் வைத்தால் வெறும் கண்ணாடியைவிடச் சில்லென்று இருக்கும்; வாயால் ஊதினால் படியும் மூச்சுப் பனி சட்டென்று மறையும். மாப்பிள்ளையின் கடிகாரத்தையும் இதையும் பக்கத்தில் வைத்து ஊதினோம். அதில் பனி மறைந்த பிறகும் இதில் தங்கியிருந்தது. சந்தேகம் தீரவில்லை என்று நகைக்கடைக்காரரிடம் போனோம். வைரத்தைச் சோதிக்க அவர் வைத்திருக்கும் பேனா போன்ற கருவியும் வெப்பக் கடத்தலைத்தான் பார்க்கிறது. மாப்பிள்ளை கண்ணாடியில் விளக்கு சிறிது ஏறியது; மற்றதில் அசையவே இல்லை. மினரல் கண்ணாடியின் மேல் ஏதோ மெல்லிய பூச்சுப் பூசிப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம் வயதுக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சஃபையர் மற்ற இரண்டையும்விட ஏறத்தாழ இரண்டு மடங்கு ஒளியைத் திருப்பி அடிக்கும். வெயிலில் மணி பார்த்தால் முள்ளுக்குப் பதிலாக ஆகாயம்தான் தெரியும். இதற்காகக் கூசாத பூச்சு பூசுகிறார்கள். அதை வெளிப்புறத்திலும் பூசியிருந்தால், சஃபையர் கீறாவிட்டாலும் அந்தப் பூச்சு கீறும். கண்புரை அறுவை செய்த என் போன்றவர்களுக்கு ஜனதாவின் அக்ரிலிக் வழியாக மணி பார்ப்பது இதமாக இருக்கிறது.

ஆக என் குறிப்பின் முடிவு இது. வீட்டோடு இருக்கும் ஓய்வூதியருக்கு சஃபையர் தேவையில்லை. பழைய கடிகாரம் ஓடுகிறதென்றால் அக்ரிலிக்கே போதும். ஒரு பிராஸோ டப்பா பல வருஷம் வரும். புதிதாக வாங்குவதானால் தட்டையான வட்ட மினரல் கண்ணாடி போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். ஏசி அறையில் உட்கார்ந்து மேஜை வேலை பார்க்கும் பிள்ளைகள், கையிருப்பும் இருந்தால், சஃபையர் கட்டட்டும். கண்ணாடி விளிம்புக்குள் ஒடுங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

பட்டறைக்குப் போகிறவர்களுக்கு? இதில்தான் நானும் மாப்பிள்ளையும் ஒத்துப்போகவில்லை. ஐந்து வருஷம் கோடில்லாமல் இருந்ததே, மினரல் என்றால் இதற்குள் இரண்டு முறை மாற்றியிருக்க வேண்டுமே என்கிறார். சரி, மூன்று முறையே மாற்றட்டும். இன்றைய விலையில் 750 ரூபாய். அவருக்கு ஒரே இடியில் வந்தது 4,600. அந்தப் பணத்தில் பதினெட்டு முறை மினரல் கண்ணாடி மாற்றலாம். "மாமா, எல்லாத்தையும் டி.ஏ. அரியர் மாதிரி கணக்குப் போடாதீங்க" என்று சிரித்தார். கல்யாண நாள் பரிசாயிற்றே, அதைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்பது அவர் வாதம். அது நியாயம்தான், நான் மறுக்கவில்லை.

கடைசியில் அவர் சர்வீஸ் மையத்தில் கொடுத்துவிட்டார். கடிகாரம் திரும்பி வந்ததும் அது ஞாயிற்றுக்கிழமைக்கும் கல்யாணம் காட்சிக்கும் மட்டும் என்று மகள் உத்தரவு போட்டுவிட்டாள். சிப்காட்டுக்குக் கட்டிக்கொண்டு போக, ஓய்வின்போது எனக்குக் கொடுத்த அந்த மினரல் கண்ணாடிக் கடிகாரத்தைக் கொடுத்திருக்கிறேன். எப்போது மங்கினாலும் தேரடிக்குக் கொண்டு வாருங்கள் மாப்பிள்ளை, 250 ரூபாய் நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.